தொடுகோடு எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் வட்டத்தைப் பற்றிப் படித்தபோது தொடுகோட்டுக்கு ஒரு விளக்கம் சொல்லிக் கொடுத்தார்கள்: வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கும் நேர்கோடு. வட்டத்துக்கு அது போதும். வேறு வளைவரைகளிடம் போனால் அந்த விளக்கம் காலை வாரிவிடும்.

y = x² என்ற பரவளையத்தை எடுத்துக்கொள்வோம். (1, 1) என்ற புள்ளி அதன்மேல் இருக்கிறது. அந்தப் புள்ளி வழியாகச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால், அது வளைவரையை அந்த ஓர் இடத்தில்தான் சந்திக்கும். ஆனால் அதைத் தொடுகோடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது வளைவரையைக் குத்திக்கொண்டு போகிறது. மறுபக்கம், y = x³ என்ற வளைவரைக்கு (1, 1)-இல் உள்ள தொடுகோடு y = 3x − 2. அதை இடப்பக்கம் நீட்டினால் (−2, −8)-இல் அதே வளைவரையை இன்னொரு முறை சந்திக்கிறது. அதற்காக அது தொடுகோடு இல்லை என்று ஆகிவிடாது. ஆக, எத்தனை இடத்தில் சந்திக்கிறது என்ற எண்ணிக்கைக்கும் தொடுவதற்கும் சம்பந்தமில்லை.

சரி, தொடுகோட்டை வேறு எப்படிப் பிடிப்பது? புள்ளி தெரியும். சாய்வும் தெரிந்துவிட்டால் கோட்டை வரைந்துவிடலாம். ஆனால் சாய்வு என்பது ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தது. அதைக் கணக்கிட இரண்டு புள்ளிகள் வேண்டும். நம் கையில் இருப்பது ஒன்றுதான். வகைக்கெழுவின் கதை முழுவதும் இந்த ஒற்றைச் சிக்கலிலிருந்துதான் கிளம்புகிறது.

வரைபடத் தாளில் y = x² வரைந்து, (1, 1)-இல் ஒரு குண்டூசியைக் குத்துங்கள். அதில் சாய்த்து ஓர் அளவுகோலை வையுங்கள். அளவுகோல் வளைவரையை இன்னோர் இடத்திலும் வெட்டும். இப்படி இரண்டு புள்ளிகள் வழியாகப் போவதுதான் வெட்டுக்கோடு. அந்த இரண்டாவது புள்ளி (2, 4) என்றால் ஏற்றம் 3, கிடைத்தூரம் 1, சாய்வு 3. இப்போது அளவுகோலை ஊசியைச் சுற்றி மெல்லத் திருப்பி இரண்டாவது புள்ளியைக் கிட்டே கொண்டுவருவோம். (1.5, 2.25)-க்கு வந்தால் சாய்வு 2.5. (1.1, 1.21)-இல் 2.1. (1.01, 1.0201)-இல் 2.01.

ஊசிக்கு இடப்பக்கம் இருந்தும் வரலாம். இரண்டாவது புள்ளி (0, 0) என்றால் சாய்வு 1. (0.9, 0.81) என்றால் 1.9. (0.99, 0.9801) என்றால் 1.99. வலமிருந்து வந்தால் சாய்வு இறங்கி வருகிறது, இடமிருந்து வந்தால் ஏறி வருகிறது. இரண்டும் 2-ஐ நெருங்குகின்றன.

ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்ப்பதற்குப் பதில், இரண்டாவது புள்ளி h தூரம் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் என்றால் h மிகை எண், இடப்பக்கம் என்றால் குறை எண். ஏற்றம் (1 + h)² − 1, அதாவது 2h + h². அதை h-ஆல் வகுத்தால் வெட்டுக்கோட்டின் சாய்வு 2 + h என்று வந்துவிடுகிறது. மேலே கிடைத்த எண்கள் அனைத்தும் இதற்குள் அடக்கம். இங்கே h-க்குப் பூஜ்யம் போட்டால் 2. வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

1734-இல் அயர்லாந்தைச் சேர்ந்த பாதிரியாரும் தத்துவஞானியுமான ஜார்ஜ் பெர்க்லி இந்த இடத்தில்தான் மடக்கினார். நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை உருவாக்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. அவருடைய கேள்வி எளிமையானது: h பூஜ்யமில்லை என்று சொல்லித்தானே அதால் வகுத்தீர்கள்? வகுத்து முடித்ததும் அதையே பூஜ்யம் என்றால் எப்படி? முதலிலேயே பூஜ்யம் என்றிருந்தால் 0/0 என்றல்லவா வந்திருக்கும்? கணக்கு சரியான விடையைத் தருகிறது என்பது இதற்குப் பதிலாகாது. பெர்க்லி கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் நான் சொல்வேன். அதற்கு உருப்படியான பதில் வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

பதிலுக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாரிஸில் கணிதம் கற்பித்த கோஷி. 1820-களில் அவர் வகைக்கெழுவை எல்லை என்ற கருத்தின்மேல் நிறுத்தினார். பின்னர் ஜெர்மனியின் வயர்ஸ்ட்ராஸ் அதை இன்னும் இறுக்கிக் கட்டினார். அதன் சாரம் இதுதான்: h-ஐ ஒருபோதும் பூஜ்யமாக்க வேண்டாம். பூஜ்யமாக்காமலே 2 என்ற எண்ணை அடையாளம் காட்டிவிடலாம்.

எப்படி? நீங்கள் எனக்கு ஒரு சவால் விடுங்கள். வெட்டுக்கோட்டின் சாய்வு 2-இலிருந்து 0.001-க்குமேல் விலகக் கூடாது என்கிறீர்கள். இரண்டாவது புள்ளியை ஊசியிலிருந்து 0.001 தூரத்துக்குள் எங்கே வைத்தாலும் சரி, எந்தப் பக்கம் வைத்தாலும் சரி, விலகாது என்று நான் சொல்வேன். ஏனென்றால் சாய்வு 2 + h. பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் விலகலாம் என்று நீங்கள் இறுக்கினால், நானும் தூரத்தை அந்த அளவுக்கு இறுக்கிக்கொள்வேன். எவ்வளவு இறுக்கினாலும் என்னிடம் பதில் இருக்கும். 2 அல்லாமல் 2.0001 என்ற எண்ணை நான் பிடித்துக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பேன். இப்படி எந்தச் சவாலுக்கும் தாக்குப்பிடிக்கும் ஒரே எண்தான் எல்லை. இந்த எல்லைக்குத்தான் வகைக்கெழு என்று பெயர்; அந்தச் சாய்வோடு (1, 1) வழியாகப் போகும் y = 2x − 1 என்ற கோடுதான் தொடுகோடு. தொடுகோடு முன்பே எங்கோ இருந்து, நாம் அதன் சாய்வை அளந்தோம் என்பதில்லை. வெட்டுக்கோடுகளின் சாய்வுகள் ஓர் எண்ணுக்குள் அடங்குவதால்தான் அந்தக் கோட்டுக்கே அந்தப் பெயர் கிடைக்கிறது.

h-ஐ மிக மிகச் சிறிய எண்ணாக எடுத்தால் போதாதா, எல்லை எதற்கு என்று கேட்பவர்கள் கணினியில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பைத்தானில் `((1 + h)**2 - 1)/h` என்று கொடுத்தால், h 1e-8 ஆக இருக்கும்போது 2-க்கு மிக நெருக்கமான விடை வரும். 1e-15 என்றால் 2.22 என்று தடம் மாறும். 1e-16 என்றால் விடை 0.0! கணினி ஏறத்தாழ 16 இலக்கங்கள் வரைதான் ஓர் எண்ணை நினைவில் வைக்கிறது. அவ்வளவு சிறிய h-ஐ 1-உடன் கூட்டினால் அது காணாமல் போய், ஏற்றம் பூஜ்யமாகிவிடுகிறது. ஆக, h சிறுத்துக்கொண்டே போனால் விடை துல்லியமாகிக்கொண்டே போகும் என்பது தாளில்தான் உண்மை.

சாய்வுகள் எப்போதும் இப்படி ஓர் எண்ணில் வந்து சேரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. y = |x| என்பது ஆங்கில V எழுத்தைப் போன்ற வடிவம். அதன் முனையான (0, 0)-இல் ஊசியைக் குத்தினால், வலப்பக்கப் புள்ளி எதை எடுத்தாலும் சாய்வு 1. இடப்பக்கம் எதை எடுத்தாலும் −1. எவ்வளவு நெருங்கினாலும் இரண்டும் ஒத்துப்போகாது. எனவே அங்கே வகைக்கெழு கிடையாது, தொடுகோடும் கிடையாது. இப்படிப்பட்ட முனைகள் ஒரு வளைவரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்க முடியும் என்று 19-ஆம் நூற்றாண்டின் கணிதவியலாளர்கள் பலர் நம்பினார்கள். 1872-இல் வயர்ஸ்ட்ராஸ் பெர்லின் அகாதெமியில் ஒரு சார்பை முன்வைத்தார். அதன் வளைவரையில் எங்கும் முறிவே இல்லை. ஆனால் ஊசியை எந்தப் புள்ளியில் குத்தினாலும், இரண்டாவது புள்ளி நெருங்க நெருங்க அளவுகோலின் சாய்வு எந்த எண்ணிலும் நிலைகொள்ளாது.