‘கால் மீ’ என்று மட்டும் வந்தால்

மிஸ்டு கால் ஒன்று, அதன் பின்னாலேயே ‘கால் மீ’ என்று ஒரு செய்தி. அழைத்தவர் பேச விரும்புகிறார் என்பது மிஸ்டு காலிலேயே தெரிந்துவிட்டது. செய்தி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. என்ன விஷயம், எவ்வளவு அவசரம், எதுவரை காத்திருப்பார் என்ற மூன்றும் விடுபட்டிருக்கின்றன. பெறுபவர் பதில் எழுதும்போது இந்த மூன்றில் தனக்குத் தேவையானதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஒரு காலத்தில் மிஸ்டு காலே செய்தியாக இருந்தது. இந்தியாவில் 2003 வரை கைபேசிக்கு வரும் அழைப்புக்கும் காசு பிடித்தார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் வெளியே பேசுவது செலவாகவே இருந்தது. ஒரு ரிங் விட்டுத் துண்டித்தால் ‘நீ கூப்பிடு’ என்று பொருள், இரண்டு ரிங் என்றால் ‘வீட்டுக்கு வந்துவிட்டேன்’ என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. இன்று ரீசார்ஜ் திட்டத்திலேயே பேச்சு அடங்கிவிட்டதால் காசை மிச்சம் பிடிக்க யாரும் இப்படி எழுதுவதில்லை. காரணம் வேறாக இருக்கும். சிலருக்குத் தமிழில் தட்டச்சு செய்வது சிரமம். சிலருக்கு அது வெறும் பழக்கம். இன்னும் சிலர் வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறார்கள்: கடன், உடல்நிலை, சாவு, இன்னொருவரைப் பற்றிய புகார் போன்றவற்றை எழுத்தில் வைக்க மனிதர்கள் தயங்குவார்கள். இந்தக் கடைசி வகை இருப்பதால்தான் ‘என்ன விஷயம்?’ என்று திருப்பிக் கேட்பது பல நேரம் வேலைக்கு ஆவதில்லை. எழுத விரும்பாதவரிடம் எழுதச் சொல்வதாகிவிடுகிறது. மேலதிகாரியிடமோ வயதில் பெரியவரிடமோ கேட்டால் அது அதட்டலாகவும் ஒலிக்கும்.

பதில் எழுதுமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது நேரம். போன் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ இருந்திருந்தால் செய்தி மணிக்கணக்கில் தாமதமாக வந்து சேரும். காலை பத்து மணி அழைப்புக்கு மாலையில் பதறிப் பயனில்லை, ‘இப்போதுதான் பார்த்தேன்’ என்று தொடங்கிப் பேசலாம். இரண்டாவது எண்ணிக்கை. ஒரே ஒரு மிஸ்டு கால் என்றால் பெரும்பாலும் காத்திருக்கக்கூடியது. ஐந்து நிமிடத்தில் நான்கு மிஸ்டு கால், அதிலும் வீட்டில் வேறொருவரின் எண்ணிலிருந்தும் ஒன்று என்றால் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, எழுந்து வெளியே போய்ப் பேச வேண்டும்.

உடனே பேச முடிகிறவர் பேசிவிடுவதே நல்ல பதில். முடியாதபோதுதான் எழுத்து தேவைப்படுகிறது. அதில் இரண்டு பகுதி போதும்: எத்தனை மணிக்குப் பேச முடியும் என்பது, பிறகு ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கர் வங்கியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3.12க்கு மேலாளரின் மிஸ்டு கால், 3.13க்கு ‘கால் மீ’. கவுன்ட்டர் முன்னால் நின்று பேச முடியாது. அவர் ‘ஓகே சார்’ என்று அனுப்பினால் மேலாளர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அரை மணி கழித்துக் கோபம்தான் மிஞ்சும். வெறும் கேள்விக்குறி அனுப்பினால் அதைவிட மோசம். எழுத வேண்டியது இப்படி:

‘சார், பேங்க்ல இருக்கேன். 3.45க்குக் கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி அவசரமா?’

‘இல்லை’ என்று வந்தால் விஷயம் முடிந்தது. ‘ஆமாம்’ என்று வந்தால் டோக்கனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போகலாம். அவசரமா என்று கேட்கப்பட்டவர் பெரும்பாலும் தானாகவே ‘அந்த ஈரோடு பார்ட்டி பில் நம்பர் மட்டும் வேணும்’ என்று விஷயத்தையும் எழுதிவிடுவார். எண்ணை அனுப்பினால் அழைப்பே தேவைப்படாது. சொன்ன 3.45ஐத் தவறவிடுவதுதான் இதில் பெரிய பிழை. வரிசை நகரவில்லை என்றால் 3.40க்கே புது நேரத்தை எழுதிவிட வேண்டும்.

திருப்பிக் கூப்பிட்டு எதிர்முனை எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பதால் இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, இரு பக்கமும் ‘பிஸி’ என்றே கேட்கும். ஒரு முறை கூப்பிட்டு, ‘கூப்பிட்டேன்ணா, ஆறு மணி வரை ஃப்ரீதான், நீங்களே கூப்பிடுங்க’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. ஊரிலிருக்கும் அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ இந்த எழுத்து வேலையே வேண்டாம். அவர்களுக்காகப் பேரப்பிள்ளை யாராவது தட்டிய ‘கால் மீ’ ஆக இருக்கும். இரண்டு நிமிடம் பேசிவிடலாம்.

தெரியாத எண்ணிலிருந்து வந்தால் அணுகுமுறை மாறும். முதலில் எண்ணின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். இந்தியக் கைபேசி எண் +91க்குப் பிறகு 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். வெளிநாட்டில் யாரும் இல்லாதவருக்கு +232, +252 போன்ற எண்ணிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றால் திருப்பிக் கூப்பிடக் கூடாது. கூப்பிடுபவரின் கட்டணத்தில் பங்கு பெறுவதற்காகவே அப்படி அழைக்கும் மோசடி உலகம் முழுவதும் உண்டு. வங்கி என்று சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் ‘கால் மீ’யும் நம்பத்தக்கதல்ல. கணக்கு தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்பது 2025இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்ன விதி.

மற்ற இந்திய எண்களுக்கு ‘யார் பேசுறீங்க?’ என்ற ஒரு வரி போதும். உண்மையானவர் பெயரைச் சொல்வார். திருப்பிக் கூப்பிட்டாலே கணக்கில் பணம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது அப்படி நடப்பதில்லை. பேச்சின் நடுவே செய்யச் சொல்லும் காரியத்தில்தான் ஆபத்து. கூரியர் வந்திருக்கிறது, டெலிவரிக்காரரிடம் பேச *21* என்று தொடங்கி ஒரு பத்து இலக்க எண்ணையும் கடைசியில் # குறியையும் அழுத்துங்கள் என்பார்கள். அது அழைப்புகளை அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. அதன் பிறகு வாட்ஸ்அப் சரிபார்ப்பு அழைப்பு மோசடிக்காரருக்குப் போய், கணக்கும் அவர் கைக்குப் போகும். தவறி அழுத்தியவர் ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பங்களும் ரத்தாகும்.

இப்படிக் கைமாறிய வாட்ஸ்அப் கணக்குகளிலிருந்தும் நண்பரின் பெயரிலேயே ‘கால் மீ’ வரும். கூப்பிட்டால் துண்டிக்கப்படும், ‘பேச முடியல, 15,000 ஜிபே பண்ணு, நாளைக்குத் தர்றேன்’ என்று எழுத்து வரும். பேசச் சொன்னவரே பேச மறுப்பதுதான் அடையாளம். வாட்ஸ்அப்பை விட்டு, நண்பரின் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு போட வேண்டும். அந்த அழைப்பே வேறிடத்துக்குத் திரும்பியிருக்கலாம் என்பதால், அறிமுகமில்லாத குரல் கேட்டாலோ யாரும் எடுக்காவிட்டாலோ அவர் வீட்டில் இன்னொருவரைக் கேட்பது பாதுகாப்பு. பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிட வேண்டும். எடுத்து முடிப்பதற்குள் தகவல் போனால் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.