பதினொரு மாத அக்ரிமென்ட் யாரைக் காக்கிறது?

காரைக்காலுக்கு ஜிப்மர், என்.ஐ.டி., ஓ.என்.ஜி.சி., துறைமுகம் என்று வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர்க்காரர்கள் வந்தபடி இருக்கிறார்கள். மாற்றல் எப்போது வருமோ என்றிருப்பவர்களுக்குக் குறுகிய கால ஒப்பந்தம் வசதிதான். ஆனால் அது பதினொரு மாதமாக இருப்பதற்குக் காரணம் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும், ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையையும், ஆண்டு வாடகை பேசியதையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. சரியாகப் பன்னிரண்டு மாதம் என்று எழுதினாலும் வரம்பைத் தாண்டாது. ஒரு மாதம் குறைப்பது முன்னெச்சரிக்கை. பதிவுச் செலவும் அலைச்சலும் மிச்சம் என்பதால் இரு தரப்பினரும் ஒத்துப்போகிறார்கள்.

சிக்கல், மூன்று ஆண்டு என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிவிட்டு, ‘ஸ்டாம்ப் பேப்பரில்தானே இருக்கிறது’ என்று நம்புவதில் தொடங்குகிறது. முத்திரைத்தாள் அரசுக்குச் செலுத்தும் தீர்வைக்கு அடையாளம். பதிவின் வேலையை அது செய்யாது. தீர்வை குறைந்திருந்தால் நீதிமன்றம் பத்திரத்தை ஏற்காது. குறைந்த தொகையையும் அதன் பத்து மடங்குவரை அபராதத்தையும் கட்டினால் ஏற்கும். ஆனால் மூலப் பத்திரத்துக்கு மட்டுமே இந்த வழி உண்டு. மூலம் வீட்டுக்காரரிடமும் ஜெராக்ஸ் குடியிருப்பவரிடமும் இருந்தால் அபராதம் கட்டியும் பயனில்லை. பதிவுக் குறையோ இப்படிப் பணம் கட்டித் தீர்வதல்ல. கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதம், அபராதத்தோடு மேலும் நான்கு மாதம். அதோடு வாசல் மூடிவிடும்.

அப்படியானால் பதியாத பத்திரத்தோடு குடியிருப்பவர் அத்துமீறி நுழைந்தவராகிவிடுவாரா? இல்லை. அந்தோணி – இட்டூப் அண்ட் சன்ஸ் வழக்கில் ஐந்தாண்டுக் குத்தகைப் பத்திரம் பதியப்படவில்லை. கட்டடத்தை ஒப்படைத்து வாடகையும் வாங்கியதாலேயே குத்தகை உறவு உண்டாகிவிட்டது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறி, கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காப்பைக் குடியிருந்தவருக்கு அளித்தது. ஆனால் ஐந்தாண்டு என்ற காலம் நிலைக்கவில்லை. அது மாதக் குத்தகையாகவே கருதப்பட்டது. பொதுச் சட்டப்படி மாதக் குத்தகையைப் பதினைந்து நாள் நோட்டீஸில் முடிக்கலாம். அதைத் தடுப்பது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மட்டுமே.

புதுச்சேரிக்கும் 1969-இல் அத்தகைய சட்டம் வந்ததே, பதிவு எதற்கு என்று கேட்கலாம். காரணமில்லாமல் வெளியேற்றுவதை அது தடுக்கும். ஆனால் ‘மூன்று ஆண்டுக்கு வாடகை ஏற்றமாட்டேன்’ என்ற வாக்கைப் பதியாத பத்திரத்தை வைத்து நிலைநாட்ட முடியாது. பக்கத்து நாகப்பட்டினத்தில் நிலைமை வேறு: அங்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், கால அளவு எதுவானாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதியச் சொல்கிறது. காரைக்காலில் பதிவு கேட்டால் வீடே கிடைக்காது என்பதும் உண்மை. குடியிருக்கும் வீட்டுக்குப் பதினொரு மாதம் போதும். உரிய தீர்வையோடு இரண்டு மூலப்பிரதி எழுதி ஒன்றை வாங்கிக்கொண்டு, அட்வான்ஸையும் வாடகையையும் வங்கி வழியே கொடுக்கலாம். சொந்தப் பணம் போட்டுக் கடை அமைப்பவர் மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமல் கையெழுத்திடக் கூடாது.