20,000 ரூபாவும் இரண்டு வழிகளும்

தையல் வேலையில் சேர்த்த 20,000 ரூபாவைப் பங்குகளில் போடலாமா என்று எங்கள் ராத்தா கேட்டார். உயர்தரத்தில் வர்த்தகம் படிப்பதால் வீட்டில் இப்படியான கேள்விகள் என்னிடம்தான் வரும். இரண்டு வழிகளுக்கும் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது வழி, ஒரு தரகர் நிறுவனத்தின் ஊடாகக் கணக்குத் திறந்து, கொழும்புப் பங்குச் சந்தையில் நாமே பங்கு வாங்குவது. வாங்கும்போது பெறுமதியில் 1.12 சதவீதம் கட்டணமாகப் போகும். விற்கும்போதும் அவ்வளவே போகும். ஒரு பங்கு 100 ரூபா என்றால், 20,000 ரூபாவுக்கு 197 பங்குகள் வாங்கலாம். கட்டணத்தோடு செலவு ஏறத்தாழ 19,921 ரூபா. விலை மாறாமலே விற்றால் கைக்கு வருவது 19,479 ரூபாதான். பங்கு 102 ரூபா 27 சதத்தைத் தொட்டால்தான் போட்ட காசு திரும்பும். அடிக்கடி வாங்கி விற்பவருக்கு இந்தக் கட்டணமே பெரிய எதிரி. வாங்கியதை வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இது பெரிதல்ல.

இரண்டாவது வழி அலகு நம்பிக்கை நிதியம். யூனிட் ட்ரஸ்ட் என்றால் பலருக்கும் விளங்கும். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்கிறார்கள். பலரது பணத்தைத் திரட்டி, முகாமைக் கம்பனி பல நிறுவனங்களின் பங்குகளை வாங்குகிறது. சொத்துகள் நம்பிக்கைப் பொறுப்பாளரின் பெயரில் இருக்கும். ஆண்டுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20,000 ரூபாவுக்கு வருடம் 400 ரூபா. அதைத் தனியாகக் கேட்கமாட்டார்கள். அலகின் விலையைக் கணிக்கும் முன்பே கழித்துவிடுவார்கள். அதனால் கண்ணுக்குத் தெரியாது. இலாபமோ நட்டமோ, வருடாவருடம் அது போகும்.

அப்படியென்றால் நேரடியாக வாங்குவதுதான் மலிவு அல்லவா? மலிவுதான். ஆனால் 20,000 முழுவதையும் ஒரே கம்பனியில் போட்டு, அதன் விலை பாதியானால் 10,000 போய்விடும். அதே கம்பனி ஒரு நிதியத்தில் 5 சதவீதமாக இருந்தால், ராத்தாவின் பங்கில் 500 ரூபாதான் குறையும்.

சந்தை முழுவதும் விழுந்தால் நிதியமும் காப்பாற்றாது. 2022 ஜனவரியில் 13,000 ஐத் தாண்டியிருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டி, ஏப்ரல் கடைசியில் 8,000 க்கும் கீழே போனது. ஆகவே அடுத்த வருடக் கல்யாணச் செலவுக்கு வைத்த காசை இரண்டிலும் போடக்கூடாது என்பது என் கருத்து.

கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை வாசிக்க நேரமில்லாத ராத்தாவுக்கு நிதியமே பொருத்தம் என்று சொன்னேன். ஆனால் எல்லா நிதியமும் பங்குகளை வாங்குவதில்லை. சில திறைசேரி உண்டியல்களில் போட்டு வட்டி பெறுகின்றன. வாப்பா முதலில் கேட்டதும் அதைத்தான். விளக்கக் கையேட்டில் முதலீடு எதில் என்று எழுதியிருக்கும்.

அலகை நமக்கு விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 25 ரூபாவுக்குத் தந்து 24.50 க்குத் திரும்ப வாங்கினால், போட்ட அன்றே 400 ரூபா குறைந்துவிடுகிறது.