உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாத நகல்

2014 ஜூன் 17 அன்று கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் மீது போலிக் கோரிக்கைகள் வெள்ளமாக வந்து குவிந்தன. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்க உதவிய நிறுவனம் அது. இப்படிப்பட்ட தாக்குதல் இணைய உலகில் புதிதல்ல. ஆனால் இம்முறை தாக்கியவர் நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கணக்குக்குள்ளும் நுழைந்திருந்தார். பெருந்தொகை கொடுத்தால் தாக்குதலை நிறுத்துவதாக அங்கே ஒரு செய்தியையும் விட்டிருந்தார்.

நிறுவனத்தார் உடனே பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கினார்கள். வந்தவர் இதை எதிர்பார்த்து, தனக்கென்று வேறு சில பயனர் கணக்குகளை முன்பே உருவாக்கி வைத்திருந்தார். தன்னை வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், கையில் அகப்பட்டதையெல்லாம் அழித்துக்கொண்டே போனார். சுமார் 12 மணி நேரத்தில் மூலத் தரவும் அதன் பேக்கப்புகளும் பெரும்பாலும் காலி. வேறிடத்தில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட நகல்களும் தப்பவில்லை. தொழிலைத் தொடர வழியில்லை என்று அறிவித்துவிட்டுக் கோட் ஸ்பேசஸ் மூடப்பட்டது.

அந்த நிறுவனம் பேக்கப் எடுக்காமல் இருக்கவில்லை. எடுத்த பேக்கப்பை அழிக்கும் அதிகாரமும் அன்றாட வேலைகளைப் பார்க்கும் அதிகாரமும் ஒரே கணக்கில் இருந்ததுதான் சிக்கல். அந்தக் கணக்குக்குள் வந்தவருக்கு எல்லாக் கதவுகளும் திறந்துகொண்டன.

ரான்சம்வேர் கும்பல்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பதற்கு முன் அவர்கள் பேக்கப்பைத் தேடி அழிக்கிறார்கள். நகல் கையில் இருப்பவர் பணம் கொடுக்கமாட்டார் அல்லவா? 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனத்துக்கு இதுதான் நேர்ந்தது. சர்வர்களோடு சேர்த்து முதல் நிலை, இரண்டாம் நிலை பேக்கப்புகளும் பூட்டப்பட்டன. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரின் தரவு மீளவில்லை.

அட்மினின் பாஸ்வேர்டே திருடன் கையில் இருக்கும்போதும் தாக்குப்பிடிக்கும் நகல் வேண்டும் என்றால், அட்மினாலும் அழிக்க முடியாத நகலாக அது இருக்க வேண்டும். ‘இம்யூட்டபிள் பேக்கப்’ என்று இத்துறையினர் சொல்வது இதைத்தான். அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் 2018 நவம்பரில் அறிமுகமான ‘ஆப்ஜெக்ட் லாக்’ அதற்கு நன்கு அறியப்பட்ட வழி. இதே போன்ற வசதி இப்போது வேறு பல சேமிப்புச் சேவைகளிலும் கிடைக்கிறது.

எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் இடத்துக்கு பக்கெட் என்று பெயர். லாக் போட வேண்டுமானால் அந்த பக்கெட்டில் ‘வெர்ஷனிங்’ இயங்க வேண்டும். அதாவது, ஒரு கோப்பின் மேல் அதே பெயரில் இன்னொன்றை எழுதினால் பழையது அழியாமல் முந்தைய பதிப்பாகத் தங்கிவிடும். ஒவ்வொரு பதிப்புக்கும் இந்தத் தேதிவரை தொடக்கூடாது என்று கெடு வைப்பதுதான் ஆப்ஜெக்ட் லாக்.

கெடுவில் இரண்டு வகை உண்டு. வங்கியில் போடும் சாதாரண வைப்பு நிதியை, அபராதம் கட்டிவிட்டு இடையிலேயே உடைக்கலாம். வரிச்சலுகைக்காக ஐந்தாண்டுக்குப் போட்டதை உடைக்க முடியாது. அதுபோல ‘கவர்னன்ஸ்’ வகைப் பூட்டைத் தனி அனுமதி பெற்ற பயனர் நீக்கலாம். ‘கம்ப்ளையன்ஸ்’ வகைப் பூட்டைக் கணக்கின் தலைமைப் பயனரான ரூட்டாலும் நீக்க முடியாது. கெடுவை நீட்டிக்கலாம், குறைக்க முடியாது.

ஒரு பரிசோதனைக்கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தினமும் இரவில் 50 ஜிபி அளவுள்ள முழு பேக்கப் ஒன்று பக்கெட்டுக்குப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் 30 நாள் கம்ப்ளையன்ஸ் கெடு. ஒரு நாள் திருடன் அட்மின் பாஸ்வேர்டோடு வந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறான். எஸ்3 மறுக்காது. ஒவ்வொரு கோப்பின் மேலும் ‘அழிக்கப்பட்டது’ என்ற ஓர் அடையாளத்தை மட்டும் வைக்கும். பட்டியலைத் திறந்தால் பக்கெட் காலியாகத் தெரியும், பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். பதிப்புகளையும் காட்டச் சொன்னால் எல்லாம் அடியில் பத்திரமாக இருக்கும். விவரம் தெரிந்த திருடன் குறிப்பிட்ட பதிப்பையே அழிக்க முயன்றால் திரையில் `AccessDenied` என்று வரும். பூட்டிய பதிப்புகள் உள்ளே இருக்கும்வரை பக்கெட்டையும் நீக்க முடியாது. அட்மினே கைதவறி அழிக்கச் சொன்னாலும் முடிவு இதேதான்.

இதற்கு விலை உண்டு. எந்த நேரத்திலும் 30 நாள் நகல்கள், அதாவது ஒன்றரை டிபி, சேமிப்பில் இருந்துகொண்டே இருக்கும். 30 நாள் என்பதற்குப் பதிலாகத் தவறி 3,000 நாள் என்று தட்டிவிட்டால், எட்டாண்டுக்கும் மேலாக வாடகை கட்ட வேண்டியதுதான். அதனால் அனுபவசாலிகள் முதலில் கவர்னன்ஸ் வகையில் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்ளையன்ஸுக்கு மாறுவார்கள்.

பூட்டு சில ஆபத்துகளைத் தடுக்காது. முதலாவது, பொறுமையான திருடன். பேக்கப் வேலையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு 31 நாள் காத்திருந்தால் எல்லாக் கெடுவும் தீர்ந்துவிடும், பிறகு அழிப்பது எளிது. அல்லது புதிய கோப்புகளுக்கான கெடுவை ஒரு நாளாகக் குறைத்துவிடுவான். ஏற்கெனவே பூட்டியவற்றை அது பாதிக்காது என்றாலும், அன்றிலிருந்து வருபவை நிராயுதபாணிகள். எனவே பக்கெட்டுக்கு நேற்றைய நகல் வந்ததா, அளவு வழக்கம்போல் இருக்கிறதா, கெடு சரியாக இருக்கிறதா என்று வேறொரு கணக்கிலிருந்து கண்காணிக்க வேண்டும்.

இரண்டாவது, சாவி. பேக்கப் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதைத் திறக்கும் சாவியையே திருடன் அழிக்கலாம். கோப்பு பூட்டியபடி பத்திரமாக இருக்கும், ஆனால் யாராலும் படிக்க முடியாது. அமேசானின் சாவிச் சேவையில் ஒரு சாவியை அழிக்கச் சொன்னால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் காத்திருப்பு உண்டு. அந்த அவகாசத்துக்குள் கவனித்து ரத்து செய்தால் தப்பலாம்.

மூன்றாவது, கணக்கே போய்விடுவது. கம்ப்ளையன்ஸ் கெடுவுக்குள் இருக்கும் நகல்களும் அமேசான் கணக்கையே மூடினால் போய்விடும். சில சமயம் இந்தத் தவறு சேவை தருபவரிடமே நிகழ்கிறது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுட், கூகுள் தரப்பில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் அதிகமாகத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். இன்னொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

ஆகவே பூட்டிய நகல் தனிக் கணக்கில் இருக்கட்டும். அதன் ரூட் பாஸ்வேர்டு அன்றாட அட்மினிடம் இருக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்துக் கணினிப் பொறுப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: “நம்ம பேக்கப்பையெல்லாம் இப்பவே அழிக்கணும்னா உங்களால முடியுமா சார்?” ‘முடியும்’ என்று பதில் வந்தால், அவருடைய பாஸ்வேர்டைத் திருடியவனாலும் முடியும்.