நூறாண்டு வெள்ளமும் ஆற்றங்கரைத் தொழிற்சாலையும்

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி, தாய்லாந்தின் அயுத்தியா மாகாணத்திலுள்ள ஒரு தொழிற்பேட்டையின் மண்கரையை உடைத்துக்கொண்டு வெள்ளம் உள்ளே புகுந்தது. அதைத் தொடர்ந்து பதினாறு நாட்களுக்குள் அயுத்தியாவிலும் அதற்குத் தெற்கேயுள்ள பதும் தானியிலுமாக ஏழு தொழிற்பேட்டைகள் நீரில் அமிழ்ந்தன. அவற்றுள் இயங்கிவந்த எண்ணூறுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் செயலிழந்தன. புதிய மோட்டார் வண்டிகள் வரிசை வரிசையாக நீருக்குள் நின்றன. கணினிகளுக்கு வேண்டிய வன்தட்டுகள் அங்கே பெருமளவில் செய்யப்பட்டு வந்தமையால், உலகெங்கும் அவற்றின் விலை ஏறியது. நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 1 இலட்சத்து 40 ஆயிரம் கோடி பாத் அளவினது என உலக வங்கி மதிப்பிட்டது.

இப்பேட்டைகளைக் கட்டியோர் ஆற்றை அறியாதவர் அல்லர். அவை நின்ற நிலம் சாவ் பிரயா ஆற்றின் வெள்ளச் சமவெளி. முன்னாளில் நெல் விளைந்த வயல். ஆகவேதான் பேட்டைகளைச் சுற்றிக் கரை எழுப்பினர். எவ்வளவு உயரத்துக்குக் கரை எழுப்புவது என்பதைத் தீர்மானிக்கும்போது பொறியியலாளர் வழக்கமாகக் கையாளும் அளவை ஒன்று உண்டு. அதனை மீள்வருகைக் காலம் என்பர். ஐம்பதாண்டு வெள்ளம், நூறாண்டு வெள்ளம் என்று பேசப்படுவது இதுவே.

இச்சொல் கேட்போரை எளிதில் ஏமாற்றிவிடுகிறது. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, தவணை தவறாமல் வருவது என்று பலர் எண்ணுகின்றனர். சென்ற ஆண்டு வந்துவிட்டது, இனித் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று நிலம் வாங்குவோரும் உளர். உண்மையில் அதன் பொருள், அவ்வளவு பெரிய வெள்ளமோ அதனினும் பெரியதோ எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பது மட்டுமே. ஆற்றுக்கு நினைவு இல்லை. சென்ற ஆண்டு வெள்ளம் வந்தது என்பதனால் இவ்வாண்டின் வாய்ப்பு குறைவதில்லை.

தொழிற்சாலை கட்டுபவர் ஓர் ஆண்டுக்காகக் கட்டுவதில்லை. அது முப்பது ஆண்டுகள் நிற்கும் என்று கொள்வோம். நூறாண்டு வெள்ளம் முதலாண்டில் வராதிருக்கும் வாய்ப்பு 100இல் 99. இரண்டாம் ஆண்டிலும் வராதிருக்கவேண்டுமாயின் அதனை மீண்டும் 0.99 ஆல் பெருக்கவேண்டும். இவ்வாறு முப்பது முறை பெருக்கினால் விடை ஏறக்குறைய 0.74 ஆகும். அதாவது முப்பது ஆண்டுகளும் தப்பிவிடும் வாய்ப்பு 74 வீதம். ஒருமுறையேனும் அகப்படும் வாய்ப்பு 26 வீதம். நான்கில் ஒன்று! கரையை எழுபதாண்டு வெள்ளத்துக்கு மட்டும் அமைத்தால் அது 35 வீதமாக உயரும். ஐந்நூறாண்டு வெள்ளத்துக்கு அமைத்தால் 6 வீதமாகத் தாழும். நூறு என்ற எண் மனத்துக்குத் தரும் ஆறுதல் இக்கணக்கின் முன்னே நிற்பதில்லை. பண்டசாலை ஒன்றுக்கு நான்கில் ஒன்று என்ற துணிவு போதுமாயிருக்கலாம். நச்சுத் திரவங்களைச் சேமித்து வைக்கும் ஆலைக்கு அது போதாது.

இனி, எந்த வெள்ளம் நூறாண்டு வெள்ளம் என்பது எவ்வாறு அறியப்படுகிறது? ஆற்றின் அளவு நிலையம் ஒன்றில் நாற்பது ஆண்டுக் குறிப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டிலும் ஓடிய நீரின் உச்ச அளவை மட்டும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவர். ஆண்டுகளின் தொகையோடு ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுப்பர். முதலாவது பெரிய வெள்ளத்துக்கு 41 ஆண்டு. இரண்டாவதுக்கு 20½ ஆண்டு. நான்காவதுக்கு ஏறத்தாழ 10 ஆண்டு. இப்புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, அவற்றுக்குப் பொருந்தும் கோட்டை இழுத்து, அக்கோட்டை நூறு வரை நீட்டுவர்.

அந்த நீட்டலிலேதான் இடர் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்குள் உண்மையான நூறாண்டு வெள்ளம் ஒன்று வந்திருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வந்திருந்தால், வரிசை முறை அதனை 41 ஆண்டு வெள்ளம் எனத் தாழ்த்திக் காட்டும், கோடு மேலே வளையும், மதிப்பீடு மிகையாகும். வராதிருந்தால் கோடு தாழ்ந்து, கரையும் தாழ்ந்துவிடும். இவ்விரண்டில் எது நிகழ்ந்தது என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லாது. ஆகவே அறிக்கையில் ஒரே ஓர் எண் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதன் இருபுறமும் எவ்வளவு தளர்வு உண்டென்று கேட்டறிதல் வேண்டும். கோயிற் சுவரிலும் பழைய வீட்டுத் தூணிலும் உள்ள வெள்ளக் கறை, அவ்வூர் முதியோரின் நினைவு ஆகியவை குறிப்பேட்டுக்கு முந்திய காலத்துக்குச் சாட்சி கூறுவன. படித்த பொறியியலாளர் சிலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை, அது தவறு.

சாவ் பிரயா இன்னுமொன்றைக் கற்பித்தது. பிங் ஆறும் நான் ஆறும் கூடுமிடமாகிய நக்கோன் சவானில் ஓர் அளவு நிலையம் உண்டு. 2006ஆம் ஆண்டில் அங்கே கடந்த உச்சப் பாய்வு செக்கனுக்கு ஏறத்தாழ 5,960 கன மீற்றர். பேரழிவு நிகழ்ந்த 2011இல் அது ஏறத்தாழ 4,690 மட்டுமே. உச்ச அளவை மட்டும் வரிசைப்படுத்தும் கணக்கிலே 2011 முதலிடத்துப் பெருவெள்ளமாகத் தோன்றாது. ஆனால் அவ்வாண்டு மழைக்காலத்தில் சராசரியைவிட 40 வீதத்துக்கு மேல் மழை கூடுதலாகப் பெய்தது. பெரும் அணைக்கட்டுகளான பூமிபொல், சிரிகிட் இரண்டும் நிரம்பிவிட்டன. உச்சம் பெரிதன்று, நீரின் மொத்தமும் அது நீடித்த காலமுமே பெரியவை. மிகக் குறைந்த சரிவுடைய அச்சமவெளியில் நீர் நாட்கணக்கிலன்றி வாரக்கணக்கில் நின்றது. ஓரிரு நாள் தாங்கும் மண்கரை, வாரக்கணக்கில் ஊறியபின் கசிந்து, வழுகி, உடைந்தது.

மேலும், நீர் ஆற்று வழியாக மட்டும் வரவில்லை. செப்தெம்பர் நடுவில் சிங்புரி மாகாணத்தில் பாங் சோம் சீ மதகு உடைந்து, வெள்ளம் கிழக்கேயுள்ள வயல்வெளிகளில் பரந்து, பின்னர் அயுத்தியாவை நோக்கி இறங்கியது. ஆற்றை நோக்கிய பக்கத்தை மட்டும் காத்திருந்தவர்களை நீர் முதுகுப்புறமாக அணுகியது எனலாம்.

ஆகவே ஆற்றோரம் இடம் பார்ப்பவருக்கு, நூறாண்டுப் பாய்வு எவ்வளவு என்ற விடை மட்டும் போதாது. அப்பாய்வில் இக்காணியில் நீர் எத்தனை அடி உயரும், எத்தனை நாள் நிற்கும், எத்திசையிலிருந்து வரும் என்பவற்றைக் கேட்கவேண்டும். மின்மாற்றியும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அந்த மட்டத்துக்கு மேலே நிற்கின்றனவா, தொழிலாளர் வந்துசேரும் வீதி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பனவும் கேட்கத்தக்கவை. தளம் உலர்ந்திருந்தும் வீதி மூழ்கினால் ஆலை மூடியே கிடக்கும். குறிப்பேடு தொடங்கிய பின்னர் மேலாற்றில் அணை எழுந்ததா, அயலார் கரை கட்டினரா என்பதையும் அறியவேண்டும். ஏனெனில் பழைய குறிப்புகள் பழைய ஆற்றுக்கே உரியவை. 2011இன் பின் அப்பேட்டைகள் கரைகளை உயர்த்திப் பலப்படுத்தின. முன்பு பேட்டைக்குள் பரந்த நீர் இனி வெளியே நிற்கவேண்டும். சுவருக்கு அப்பாலுள்ள வயல்களுக்கும் வீடுகளுக்கும் வெள்ள மட்டக் கணக்கு அதனால் மாறிவிட்டது.