மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு வரையப்படும் தேர்ச்சிக் கோடு

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியுள்ள குருபரப்பள்ளியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், சிப்காட் தொழிற்சாலைகளின் ஷிப்ட் வேலைக்கு அப்பால் கல்லூரி ஆசிரியர் பணியை நாடும் முதுகலைப் பட்டதாரிகள், பெரும்பாலும் தமிழ், வரலாறு, பொருளியல், ஆங்கிலம் போன்ற கலைப்பாடங்களைப் படித்தவர்கள், எழுத வேண்டிய முதன்மையான தகுதித்தேர்வு ‘நெட்’ ஆகும். கல்லூரியில் அவர்கள் எழுதிய பருவத் தேர்வுகளில் தேர்ச்சி மதிப்பெண் 50 என்பது சேர்ந்த நாளிலேயே விதிமுறையில் அச்சிடப்பட்டிருந்தது. நெட் தேர்விலோ, ஒருவரைத் தகுதி பெற்றவர் என்று அறிவிக்கும் மதிப்பெண், அவர் தேர்வு அறையை விட்டு வெளியே வரும் நாளில் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை; நாடு முழுவதும் எழுதியவர்கள் எப்படி மதிப்பெண் பெற்றார்கள் என்று பார்த்த பிறகே அது கணக்கிடப்படுகிறது. இந்த முறை சட்டப்படி செல்லுமா, எந்த இடத்தில் அது மாணவரைப் பாதிக்கக்கூடும், பாதிக்கப்பட்டவர் எங்கே, எப்போது கேள்வி எழுப்ப முடியும் என்பவற்றை அறியாமல் எழுதுவோர், முடிவு வந்த பிறகு தவறான வாசலில் போய் நிற்க நேர்கிறது.

இந்தக் கேள்வி முழு வடிவில் எழுந்தது 2012-இல்தான். அவ்வாண்டு ஜூன் 24 அன்று பல்கலைக்கழக மானியக் குழு நடத்திய நெட் தேர்வில் மூன்று தாள்கள் இருந்தன. முதல் இரண்டுக்கும் தலா 100, மூன்றாம் தாளுக்கு 150 என மொத்தம் 350 மதிப்பெண். பொதுப்பிரிவினர் முதல் இரு தாள்களில் 40 விழுக்காடும் மூன்றாம் தாளில் 50 விழுக்காடும் பெற வேண்டும் என்று அறிவிக்கை கூறியது. அதாவது 40, 40, 75 என மொத்தம் 155 மதிப்பெண். ஆனால் செப்டம்பரில் முடிவு வெளியானபோது, இந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டியவர்களில், மூன்று தாள்களையும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 65, இதர பிற்படுத்தப்பட்டோர் 60, பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் மாற்றுத்திறனாளிகளும் 55 விழுக்காடு பெற்றிருந்தால்தான் தகுதி என்ற புதிய கோடு தெரியவந்தது. பொதுப்பிரிவில் 65 விழுக்காடு என்பது 227.5 மதிப்பெண். 155-ஐத் தாண்டியதும் தேர்ச்சி உறுதி என்று நம்பியிருந்த ஒருவருக்கும் தகுதிக்கும் இடையே 72.5 மதிப்பெண் இடைவெளி, தேர்வு முடிந்த பிறகு தோன்றிவிட்டது.

எல்லாப் பாடங்களுக்கும் ஒரே விழுக்காட்டைக் கோடாக வைத்ததில் இன்னொரு குறையும் இருந்தது. வினாத்தாளின் கடினம் பாடத்துக்குப் பாடம் மாறும். ஒரு பாடத்தில் 65 பெறுவது பலருக்கு எட்டக்கூடியதாகவும், வேறொரு பாடத்தில் மிகச் சிலருக்கே இயல்வதாகவும் இருக்கலாம் என்பதால், ஒரே கோடு உண்மையில் ஒரே அளவுகோல் ஆகாது. முறையீடுகள் குவிந்த பின் மானியக் குழு இதைத் தானே ஏற்று, ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு பிரிவிலும் முதல் 7 விழுக்காட்டுக்குள் வந்தவர்களையும் சேர்த்து நவம்பரில் ஒரு துணைப் பட்டியலை வெளியிட்டது. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு வரையப்பட்ட கோடு, அதன் விளைவைப் பார்த்த பிறகு இன்னொரு முறை திருத்தப்பட்டது என்பதே இதன் பொருள்.

வழக்குகள் பல உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றன. கேரள உயர் நீதிமன்றமும் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தன. ஆனால் 2013 செப்டம்பர் 19 அன்று, நேஹா அனில் போப்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை மாற்றி, மானியக் குழுவின் முடிவு செல்லும் என்றது. தீர்ப்பைத் தாங்கி நின்றது அறிவிக்கையில் இருந்த ஒரு வாசகம்: குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றவர்கள் இறுதி முடிவுக்குப் பரிசீலிக்கப்படுவார்கள் என்றும், இறுதித் தகுதி வரையறையை முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன் மானியக் குழு தீர்மானிக்கும் என்றும் அது கூறியிருந்தது. ஆகவே குறைந்தபட்சம் என்பது வாசல்படி மட்டுமே, தேர்ச்சி அல்ல என்றும், கல்வித்தரத்தை வகுக்கும் வல்லுநர் அமைப்பின் முடிவில், சட்டத்தையோ விதியையோ அறிவிக்கையையோ அது வெளிப்படையாக மீறினாலன்றி, நீதிமன்றம் தலையிடலாகாது என்றும் தீர்ப்பு கூறியது. சட்டத்தின்படி இது சரியான முடிவுதான்; ஆயினும் தீர்மானிப்போம் என்று சொல்லி, எப்படி என்று சொல்லாமல் விட்டது எழுதியவர்களுக்கு இழைக்கப்பட்ட குறை என்பதை மறைப்பதற்கில்லை.

இன்றைய முறை அந்தக் குறையைப் பெருமளவு களைந்திருக்கிறது. தேசிய தேர்வு முகமை நடத்தும் தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு ஒரு பொதுத்தாளும் 200 மதிப்பெண்ணுக்கு ஒரு பாடத்தாளும் உள்ளன. கோடு இப்போதும் பின்னரே வரையப்படுகிறது, ஆனால் அதை வரையும் சூத்திரம் தகவல் கையேட்டில் முன்கூட்டியே அச்சாகிறது. இரு தாள்களையும் எழுதியவர்களில் 6 விழுக்காட்டினர் உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவர். அந்த எண்ணிக்கை இடஒதுக்கீட்டின்படி பிரிவுகளுக்குப் பகிரப்படும். பொதுப்பிரிவினரும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரும் 40, மற்ற இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 விழுக்காடு பெற்றிருந்தால் மட்டுமே கணக்கில் வருவர். அதன் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய இடங்கள் பங்கிடப்படும்.

பங்கீடு எப்படி நடக்கிறது என்பதை எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த எண்களால் பார்க்கலாம். இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு எல்லாப் பாடங்களுக்குமாகக் கிடைத்த இடங்கள் 15,000 என்றும், அப்பிரிவில் எல்லாப் பாடங்களிலும் 35 விழுக்காட்டைத் தாண்டியவர்கள் 1,00,000 பேர் என்றும், அவர்களில் வரலாறு எழுதியவர்கள் 2,000 பேர் என்றும் கொண்டால், 2,000-ஐ 15,000-ஆல் பெருக்கி 1,00,000-ஆல் வகுக்க, வரலாற்றுக்கு 300 இடம் வரும். அந்த 300-ஆவது மாணவர் 300-க்கு 174 பெற்றிருந்தால், 58 விழுக்காடே அப்பிரிவின் வரலாற்றுக் கட்-ஆஃப். அதே ஆண்டு வேறொரு பாடத்தில் கோடு 66 ஆகவும் இருக்கலாம். ஆகவே 60 பெற்ற வரலாற்று மாணவர் தகுதி பெற, 64 பெற்ற வேறு பாட மாணவர் தவறுவது பிழையன்று, முறையின் இயல்பே ஆகும்.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு விளைவும் இக்கணக்கினுள் இருக்கிறது. வினாத்தாள் மிகக் கடினமாக அமைந்து, வரலாற்றில் 35-ஐத் தாண்டியவர்கள் 2,000-க்குப் பதில் 1,200 ஆகக் குறைந்தால், மற்ற எண்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கும் நிலையில், இடங்களும் 180 ஆகச் சுருங்கும். கடினமான தாளுக்குக் கோடு தானாகக் கீழே இறங்கிச் சமன்செய்துவிடும் என்ற பொதுவான ஆறுதல் பாதி உண்மையே; கோடு இறங்கக்கூடும், ஆனால் அந்தப் பாடத்துக்குரிய இடங்களும் அதனுடன் குறைகின்றன. 2024 ஜூன் தேர்வுச் சுற்றிலிருந்து ஆய்வு நிதியுதவி, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும் என மூன்று அடுக்குகள் வந்துவிட்டதால், ஓரிரு வினாக்களின் வேறுபாடே ஒருவரை ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளவும் போதுமானது.

பின்னர் வரையும் கோடு மாணவருக்கு எதிராக மட்டுமே நகரும் என்பதும் இல்லை. அத்திப்பள்ளிக்கு அப்பால், கர்நாடகத்தில் 2024 எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில், அறைகள் இணையவழிக் கண்காணிப்புக்கு உட்பட்டுத் தேர்ச்சி வீழ்ந்தபோது, கருணை மதிப்பெண் பெறுவதற்கான தகுதி 35-இலிருந்து 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, கருணை மதிப்பெண் 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கடும் விமர்சனத்துக்குப் பின், இது அடுத்த ஆண்டு தொடராது என்று அரசு அறிவித்தது. முன்னறிவிக்கப்பட்ட சூத்திரம் இல்லாத தளர்வு, ஒரே படிப்பைப் படித்த இரு ஆண்டு மாணவர்களை இருவேறு அளவுகோலில் நிறுத்திவிடுகிறது.

தீர்வுகள் காலவரிசையில் மூன்று கட்டங்களில் கிடைக்கின்றன. ஒரு கட்டத்தில் தவறவிட்டதை அடுத்த கட்டத்தில் மீட்பது அரிது. முதலாவது, விண்ணப்பிக்கும் முன். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுக்குப் போதாது. மத்தியப் பட்டியலில் சாதி இடம்பெற்றிருப்பதைச் சரிபார்த்து, வசதிபடைத்த பிரிவைச் சேராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழைத் தாலுகா அலுவலகம் வழியாகத் தனியே பெற வேண்டும். அது இல்லாதவர் எந்தக் கோட்டால் அளக்கப்படுவார் என்பதே மாறிவிடும். மாநிலத் தகுதித்தேர்வான ‘செட்’ எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டியது, அத்தகுதி அந்தந்த மாநிலக் கல்லூரிகளுக்கே செல்லும் என்பது. பெங்களூருவில் எழுதிய செட் கிருஷ்ணகிரியில் உதவாது.

இரண்டாவது, தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும் சில நாட்கள். இதுவே மிகுந்த பயன் தரும் கட்டம். ஒரு வினாவுக்கு 2 மதிப்பெண். கோட்டின் அருகே ஒரே மதிப்பெண்ணில் பலர் நெருங்கி நிற்பதால், ஒரு விடை திருத்தப்பட்டாலே வரிசை மாறும். கலைப்பாடங்களில் ஆண்டு, நூலாசிரியர், கூற்று-காரணம் போன்ற வினாக்களில் பிழை நேரக்கூடும்; ஒரு வினாவுக்கு 200 ரூபாய் செலுத்தி, பல்கலைக்கழகப் பாடநூலின் பக்கத்தைச் சான்றாக இணைத்து ஆட்சேபிக்கலாம். இறுதி விடைக்குறிப்புக்குப் பின் மறுமதிப்பீடு கிடையாது. நீதிமன்றமும், 2017-இன் ரண் விஜய் சிங் வழக்கில் கூறியபடி, விடைக்குறிப்பு சரியானது என்றே கொள்ளும். நீண்ட வாதம் தேவைப்படாத வெளிப்படையான பிழையில் மட்டுமே, அதுவும் அரிதாகவே, தலையிடும்.

மூன்றாவது, முடிவு வந்த பிறகு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி rtionline.gov.in தளத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் முடிவுக்குப் பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். எனக்கு ஏன் தகுதி கிடைக்கவில்லை என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. தன் பாடத்தில், தன் பிரிவில் 35 அல்லது 40 விழுக்காட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், எல்லாப் பாடங்களிலும் எத்தனை பேர், அப்பிரிவின் மொத்த இடங்கள் எத்தனை, தன் பாடத்துக்கு வந்தவை எத்தனை என்ற நான்கு எண்களையும் ஆவணத்தில் உள்ளபடி கேட்க வேண்டும். கிடைத்தால், மேலே கண்ட பெருக்கலையும் வகுத்தலையும் விண்ணப்பதாரரே செய்து சரிபார்க்கலாம். மற்றவர்களின் திருத்தப்படாத மதிப்பெண்களைக் கேட்பது வேறு. குடிமைப் பணித் தேர்வு தொடர்பாக 2018-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விவரங்களை இயந்திரகதியில் தரச் சொல்ல முடியாது என்றது.

எண்கள் சூத்திரத்தோடு பொருந்தவில்லை என்றால், அல்லது கையேட்டில் இல்லாத நிபந்தனை புகுத்தப்பட்டிருந்தால், அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய அடிப்படை உண்டு. பணி நியமனம் பற்றிய தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் 2024 நவம்பர் 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது இங்கும் வாதத்துக்கு உதவும்: அளவுகோல்கள் நடைமுறை தொடங்கும் முன்பே வகுக்கப்பட வேண்டும், பின்னர் வகுக்க விதியே அதிகாரம் அளித்திருந்தால், அந்தந்தக் கட்டம் வருவதற்கு முன் வகுக்கப்பட வேண்டும். கோடு உயரமாக இருக்கிறது என்ற ஒரே குறையோடு வரும் மனு 2013 தீர்ப்பின் முன் நிற்காது; அறிவிக்கையின் எந்த வரி, எந்தக் கணக்கில் மீறப்பட்டது என்று காட்டும் மனுவையே நீதிமன்றம் ஆராயும்.