தோரணை மாறலாம், முகம் மாறக்கூடாது

அமுல் வெண்ணெய் விளம்பரச் சிறுமி 1966-இல் பிறந்தாள். அவளை வரைந்தவர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ். புள்ளிச் சட்டைதான் அவளுடைய வழக்கமான உடை. ஆனால் அன்றன்றைய செய்திக்கேற்ப அவள் வேறு வேடங்களும் போடுவாள். அப்போதும் நீலத் தலைமுடி, பெரிய கண்கள், மூக்கில்லாத உருண்டை முகம் ஆகியவற்றைக் கொண்டே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு நிறுவனத்துக்கு மாஸ்காட் வரைவோர் முதலில் தீர்மானிப்பதும் இதைத்தான்: எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது.

ஒரு பால் நிறுவனத்துக்குக் கன்றுக்குட்டி மாஸ்காட் தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். பெரிய தலை, உயர்ந்த நெற்றி, தாழ்ந்து அமைந்த பெரிய கண்கள் ஆகிய குழந்தைச் சாயல்கள் பார்ப்பவரிடம் பரிவை எழுப்பும் என்று விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் விளக்கினார். அதன்படி கன்றின் மொத்த உயரம் மூன்று தலை அளவு என்று வைக்கலாம். தலை 4 செ.மீ. என்றால் முழு உருவம் 12 செ.மீ. கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும். இரண்டுக்கும் இடைவெளி ஒரு கண் அகலம். இடது கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, கழுத்தில் சிவப்புத் துண்டு, துண்டின் முடிச்சு வலப்பக்கம்.

இவை எல்லாம் மாடல் ஷீட் என்னும் ஒரே தாளில் பதிவாகும். முன்புறம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்புறம் என நான்கு கோணங்களையும் ஒரே தரைக்கோட்டில் நிறுத்தி, உச்சி, கண், இடுப்பு, முழங்கால் வழியே கிடைக்கோடுகள் இழுப்பார்கள். உறுப்புகள் கோணத்துக்குக் கோணம் ஏறி இறங்கினால் உடனே தெரிந்துவிடும்.

சிக்கல் தோரணைகளில்தான் வரும். தலை பெரிது, கை குட்டை என்பதால், இரு கைகளையும் தூக்கினால் அவை உச்சியைத் தாண்டாது. அவசரத்தில் கையை நீட்டி வரைந்தால் அளவு கெடும். அதனால் கைகளைத் தலைக்கு இருபுறமும் விரித்துத் தூக்குவதே இந்தக் கன்றின் குதூகலம் என்று தாளிலேயே வரைந்து வைப்பார்கள். தலை குனியும்போது கண்கோடு நேர்கோடாக நிற்காது, பந்தின் மேல் இட்ட கோடுபோல் கீழ்நோக்கி வளையும். கண்களும் அந்த வளைவிலேயே அமைய வேண்டும். இடப்பக்கம் பார்க்கும் படத்தைக் கணினியில் அப்படியே புரட்டினால் திட்டு வலது கண்ணுக்குத் தாவிவிடும், முடிச்சும் இடம் மாறும். எனவே எதிர்த் திசைப் படத்தைப் புதிதாகவே வரைய வேண்டும்.

இன்னொரு பிழை மெல்ல வளர்வது. முந்தைய படத்தைப் பார்த்து அடுத்ததை வரைந்தால், கன்னம் ஒவ்வொரு முறையும் இம்மியளவு பருக்கும். பத்தாவது படத்தில் அது வேறு கன்று. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு படத்தையும் மாடல் ஷீட்டைப் பார்த்தே தொடங்க வேண்டும்.

முடிந்த படங்களைத் தலை அளவு ஒன்றாக இருக்கும்படி வரிசையாக அடுக்கினால், முகமும் உடையும் பிசகிய இடம் கண்ணில் படும். பிறகு உருவங்களைக் கறுப்பால் நிரப்பி, விரல்நக அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பார்கள். காதும் துண்டும் அப்போதும் பிரிந்து தெரிந்தால் அந்தப் படத்தை ஏற்கலாம். தெரியாவிட்டால் தோரணையைத் திருத்த வேண்டும்.